புதன்கிழமை யார் பதில் சொல்வார்கள்?

வாரத்தில் ஐந்து நாள் செய்யும் வேலையை நான்கு நாளில் முடித்துக்கொள்கிறோம், மூன்று மாதம் சோதனையாக அனுமதியுங்கள் என்று டைரக்டருக்கு மெயில் எழுத நினைக்கும் டீம் லீட்கள் நம் ஊர் மென்பொருள் அலுவலகங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுதியவர்களும் உண்டு. பெரும்பாலான மெயில்களுக்கு "பார்க்கலாம்" என்ற ஒரு வரிதான் பதிலாக வரும், அல்லது பதிலே வராது. டைரக்டர் கல்நெஞ்சக்காரர் என்பதால் அல்ல. அவர் மனதில் முதலில் எழும் கேள்விக்கு அந்த மெயிலில் விடை இருக்காது. ஊழியர்களுக்கு ஓய்வு கிடைக்கும், குடும்பத்தோடு இருக்கலாம், போக்குவரத்து நெரிசல் மிச்சம் என்று மூன்று பத்தி இருக்கும். டைரக்டர் தேடுவதோ, ஆட்கள் இல்லாத அந்த நாளில் கிளையண்ட் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள் என்பதைத்தான்.

அந்த மெயிலை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு குழுவை வைத்துப் பார்ப்போம். குழு நான் விளக்கத்துக்காக அமைத்தது. அதற்கு வரும் சிக்கல்கள் எந்தக் குழுவுக்கும் வரக்கூடியவை.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துவைக்க வேண்டும், ஏனென்றால் பாதி மெயில்கள் இங்கேயே சறுக்குகின்றன. நான்கு நாள் வாரம் என்ற பேரில் இரண்டு வேறு வேறு ஏற்பாடுகள் உலவுகின்றன. ஒன்றில் சம்பளம் குறையாது, வேலை நேரம் குறையும். நாற்பது மணி நேரம் முப்பத்திரண்டு ஆகும். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை 61 நிறுவனங்களில் நடந்த பெரிய சோதனை நேரக் குறைப்பைப் பற்றியது. முடிவில் 56 நிறுவனங்கள் அதைத் தொடர்வதாகச் சொன்னது செய்தியானது. ஜப்பானில் மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில் வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கிப் பார்த்ததும் இந்த வகைதான். இன்னொன்று சுருக்கிய வாரம். அதே நாற்பது மணி நேரம், நாளுக்குப் பத்து வீதம் நான்கு நாளில். மெயிலில் கேட்பது இரண்டாவதை, ஆதாரமாகக் காட்டுவது முதலாவதை என்றால், விவரம் தெரிந்த டைரக்டர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார். ஒருவர் எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு ஒரு நாள் கூடுதலாக ஓய்வெடுப்பதும், பத்து மணி நேரம் உழைத்து அந்த நாளை ஈடுகட்டுவதும் உடம்புக்கு ஒன்றல்ல.

சுருக்கிய வாரத்துக்கு நேர்மையான முன்னுதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைப் பார்க்கலாம். அப்போதைய கவர்னர் ஜான் ஹன்ட்ஸ்மன் 2008 ஆகஸ்டில் மாநில அரசு ஊழியர்களில் பெரும்பாலோரைத் திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மாற்றினார். வெள்ளிக்கிழமை அலுவலகங்களைப் பூட்டினால் மின்சாரமும் எரிபொருளும் மிச்சமாகும் என்பது கணக்கு. ஊழியர்களில் பலருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் மிச்சம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வேலையாக வந்த மக்கள் பூட்டிய கதவைப் பார்த்துக் குறைப்பட்டார்கள். 2011-இல் சட்டமன்றம் அதை முடித்துவைத்தது. அந்தக் கதையில் நம் டீம் லீட் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். எல்லாரும் ஒரே நாளில் விடுப்பெடுத்ததால் சேவை நின்றது.

பெல்ஜியம் 2022 நவம்பரில் கொண்டுவந்த சட்டம் இன்னும் நிதானமானது. முழுநேர ஊழியர் தன் வார வேலையை நான்கு நாளில் செய்ய எழுத்தில் கேட்கலாம். முதலாளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஒப்பந்தம் அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு, வேண்டுமானால் புதுப்பிக்கலாம். கேட்பவர் தனிநபர், காலம் முடிவுள்ளது, பதில் எழுத்தில். ஒரு நல்ல மெயிலின் எலும்புக்கூடு இதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு ஒரு கசப்பான நினைவும் உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்கான திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் வாரத்தில் நான்கு நாள் போதும் என்ற விளக்கம் சொல்லப்பட்டது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் மசோதா திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். எட்டு மணி நேரம் என்பது போராடிப் பெற்றது, அதில் கைவைக்கக் கூடாது என்ற உணர்வு இங்கே ஆழமானது, நியாயமானதும்கூட. ஒரு டீம் லீட் நல்லெண்ணத்தோடு எழுதும் மெயில் அந்த உணர்வை மறந்து எழுதப்படக் கூடாது.

இப்போது குழுவுக்கு வருவோம். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனம். அதில் எட்டுப் பேர் கொண்ட ஆதரவுக் குழு, மேலே ஒரு டீம் லீட். துபாயில் உள்ள ஒரு கட்டுமான நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மென்பொருளில் ஏதாவது பிரச்சினை என்றால் இவர்களுக்கு டிக்கெட் வரும். வேலை நேரம் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை, நடுவே ஒரு மணி நேரம் சாப்பாடு. உழைப்பு எட்டு மணி நேரம், வாரம் நாற்பது. சுருக்கினால் காலை 8.30 முதல் இரவு 7.30 வரை, ஒரு மணி நேரம் சாப்பாடு போக பத்து மணி நேரம்.

டீம் லீட் முதலில் செய்ய வேண்டியது மெயில் எழுதுவதல்ல, கடந்த எட்டு வாரத்து டிக்கெட்டுகளை நாள்வாரியாகப் பிரிப்பது. இந்தக் குழுவில் சராசரியாகத் திங்கள் 60, செவ்வாய் 48, புதன் 35, வியாழன் 42, வெள்ளி 25 என்று வந்தது. வெள்ளி குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய அரசு 2022 ஜனவரி முதல் வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு விடுமுறை என்று மாறியது. இந்த கிளையண்டும் அதே வழக்கத்தில் இருப்பதால் வெள்ளி மதியத்துக்குப் பிறகு அங்கே ஆளில்லை.

குழுவிடம் கேட்டால் எல்லாரும் சொல்வது திங்கள் அல்லது வெள்ளி. சனி ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் கிடைக்கும், ஊருக்குப் போய்வரலாம். ஆனால் திங்கள் 60 டிக்கெட். அன்று பாதிப் பேர் இல்லாவிட்டால் மற்றவர்கள் திணறிப்போவார்கள். எண்கள் காட்டுவது புதனையும் வெள்ளியையும். வாரத்தின் நடுவில் ஒரு நாள் என்பதை முதலில் யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் வங்கி, தாலுகா அலுவலகம், பிள்ளையின் பள்ளி, அம்மாவின் மருத்துவப் பரிசோதனை எல்லாம் திறந்திருக்கும் நாள் அது. மாதத்துக்கு ஒருமுறை புதன்காரர்களும் வெள்ளிக்காரர்களும் மாறிக்கொண்டால் மனத்தாங்கல் இராது.

எட்டுப் பேரில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய குழந்தை இருக்கும் காப்பகம் இரவு ஏழு மணிக்கு மூடிவிடும். இன்னொருவர் வரும் கம்பெனி பஸ் 6.45-க்குக் கிளம்பிவிடும், அடுத்த பஸ் கிடையாது. இவர்களைச் "சமாளித்துக்கொள்ளச்" சொல்லும் திட்டம் முதல் வாரத்திலேயே அநியாயமாகிவிடும். அவர்கள் பழைய நேரத்திலேயே ஐந்து நாளும் வரட்டும். மீதி ஆறு பேரில் மூவருக்குப் புதன், மூவருக்கு வெள்ளி. ஆக அந்த இரு நாளிலும் ஐந்து பேர் இருக்கிறார்கள். புதன்கிழமை 35 டிக்கெட்டுக்கு ஐந்து பேர் என்றால் ஆளுக்கு ஏழு. எட்டுப் பேரும் இருக்கும் திங்களன்று ஆளுக்கு ஏழரை. டைரக்டர் கேட்காமலே அவருக்குக் காட்ட வேண்டிய கணக்கு இதுதான்.

தலையெண்ணிக்கை மட்டும் போதாது. கூடுதல் வேலைநேரச் சம்பளக் கணக்கை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் இந்தக் குழுவில் இருவர் மட்டும். இருவரும் புதனிலேயே விடுப்பெடுத்தால், ஐந்து பேர் இருந்தும் அந்த டிக்கெட் வியாழன் வரை கிடக்கும். ஒவ்வொரு வேலைக்கும் தெரிந்தவர்களை ஜோடி ஜோடியாக எழுதி, ஒரு ஜோடி ஒரே நாளில் விடுப்பில் போகாதபடி அட்டவணை போட வேண்டும். ஜோடி இல்லாத வேலை இருந்தால், சோதனை தொடங்கும் முன் இன்னொருவருக்குக் கற்றுத்தர வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு மாதம் ஆகும்.

இந்த ஏற்பாட்டால் கிளையண்டுக்கு என்ன லாபம்? காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி, ஆகச் சேவை நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடும் என்று எழுதத் தோன்றும். அது பாதிதான் உண்மை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நமக்குக் காலை 8.30 என்றால் அங்கே ஏழு மணி, அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். மாலை 6.30 முதல் 7.30 வரை என்பது அங்கே ஐந்து முதல் ஆறு. அந்த நேரத்தில் வரும் டிக்கெட்டுகள் இதுவரை மறுநாளைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆக உண்மையான லாபம் ஒரு மணி நேரம். அதை மட்டும் சொல்லும் மெயிலை டைரக்டர் நம்புவார்.

அடுத்து எச்.ஆர். பக்கம். இங்கே சின்னதாகத் தெரியும் விஷயங்கள்தான் திட்டத்தைக் கவிழ்க்கும். அலுவலகத்தின் வருகைப் பதிவு வாரத்துக்கு 45 மணி நேரம் கேட்கிறது, அதாவது சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து ஒன்பது மணி நேரம் ஐந்து நாள். சுருக்கிய வாரத்தில் ஒருவர் பதினோரு மணி நேரம் வீதம் நான்கு நாள் உள்ளே இருப்பார், அது 44. அவர் உழைத்தது அதே நாற்பது மணி நேரம்தான். ஐந்துக்குப் பதில் நான்கு தடவை சாப்பிட்டதால் ஒரு மணி நேரம் குறைகிறது. ஆனால் ஸ்வைப் கணக்கு ஆறு பேரையும் வாராவாரம் ஒரு மணி நேரம் குறைவு என்று காட்டும், மாதக் கடைசியில் அரைநாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள் என்று கோபத்தோடு வந்து நிற்பார்கள். முன்கூட்டியே எச்.ஆரிடம் சொல்லி அந்த வரம்பை மாற்றிவைக்க வேண்டும்.

விடுப்புக் கணக்கும் அப்படியே. பத்து மணி நேர நாளில் ஒரு நாள் லீவ் போட்டால் ஒன்றேகால் நாள் கிடைத்த மாதிரி. வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு என்றால் அது 96 மணி நேரம். சோதனை நடக்கும் காலத்தில் விடுப்பை மணி நேரத்தில் கணக்கு வைத்தால் தகராறு இல்லை. அரசு விடுமுறை வரும் வாரம் இன்னும் குழப்பமானது. விடுமுறைக்கு எட்டு மணி நேரம், மீதி மூன்று நாளுக்கு முப்பது, ஆக 38. இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்பார்கள். விடுமுறை தன் ஓய்வு நாளிலேயே விழுந்துவிட்டால் எனக்கு என்ன கிடைத்தது என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுக்கும் ஒரே விடை, விடுமுறை வரும் வாரத்தில் எல்லாரும் பழைய எட்டு மணி நேரத்துக்குத் திரும்பிவிடுவது.

பெரிய தடை சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்பதே வரம்பு. அதற்கு மேல் வேலை வாங்கினால் மிகைநேரக் கூலியாக இரட்டிப்புத் தர வேண்டும். மிகைநேரத்தையும் சேர்த்து நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கவனியுங்கள், வார வரம்பு 48 இருந்தாலும் நாள் வரம்பு தனியாக நிற்கிறது. ஆகவே வாரம் நாற்பது மணி நேரமே உழைத்தாலும், ஒன்பதாவது பத்தாவது மணி நேரம் மிகைநேரம் ஆகிவிடலாம். ஆறு பேர், நாளுக்கு இரண்டு மணி, நான்கு நாள் என்றால் வாரத்துக்கு 48 மணி நேரம் இரட்டிப்புக் கூலிக் கேள்வி எழும். ஒன்பது வாரத்துக்கு 432 மணி நேரம்.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மாநில அரசு விலக்கு அளிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஆதரவுக் குழுவின் இளம் பொறியாளரை "நிர்வாகப் பொறுப்பு" என்று சொல்லிவிட முடியாது. தன் நிறுவனம் எந்த விலக்கின்கீழ் வருகிறது என்பதை டீம் லீட் ஊகிக்கக் கூடாது. சட்டப் பிரிவிடமிருந்து எழுத்தில் பதில் வாங்கிய பிறகே சோதனை தொடங்கும் என்று மெயிலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த 432 என்ற எண்ணை மறைத்து அனுமதி வாங்குவது, டைரக்டரை ஒரு சட்டச் சிக்கலில் கையெழுத்துப் போட வைப்பதாகும். ஊழியர்களும் நாளை, எங்கள் கூலி எங்கே என்று கேட்க உரிமை உள்ளவர்கள்.

இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு எழுதினால் மெயில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் இது ஆங்கிலத்தில் போகும். பொருள் இப்படி இருக்கலாம்.

*

பொருள்: ஆதரவுக் குழுவில் சுருக்கிய நான்கு நாள் வாரம், 12 வாரச் சோதனைக்கு அனுமதி வேண்டி

வணக்கம் மேடம்,

எங்கள் குழுவில் ஆறு பேர், வாரத்துக்கு அதே 40 மணி நேரத்தை ஐந்து நாளுக்குப் பதில் நான்கு நாளில் செய்ய விரும்புகிறார்கள். இதை 12 வாரம் சோதித்துப் பார்க்க உங்கள் அனுமதி வேண்டும். வேலை நேரமோ சம்பளமோ குறையாது. இரண்டு பேர் பழைய நேரத்திலேயே தொடர்கிறார்கள்.

ஐந்து நாளும் குழு திறந்திருக்கும். மூவருக்குப் புதனும் மூவருக்கு வெள்ளியும் ஓய்வு. கடந்த எட்டு வாரத்தில் மிகக் குறைவாக டிக்கெட் வந்த நாள்கள் இவை. அந்த இரண்டு நாளிலும் ஐந்து பேர் இருப்பார்கள். புதனன்று ஆளுக்கு ஏழு டிக்கெட் வரும், திங்களன்று இப்போது வருவது ஏழரை. யார் எந்த வேலைக்கு மாற்று என்ற அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

கிளையண்டுக்கு நம் நேரப்படி மாலை 6.30 முதல் 7.30 வரை ஒரு மணி நேரம் கூடுதலாகப் பதில் கிடைக்கும். காலையில் கூடும் ஒரு மணி நேரம் அவர்களுக்குப் பயன்படாது, அதை நிலுவையில் உள்ள சோதனை வேலைகளுக்கு வைத்திருக்கிறோம்.

மாதக் கடைசியில் சம்பளம் போடும் வாரமும், அரசு விடுமுறை வரும் வாரமும் எல்லாரும் பழைய நேரத்துக்குத் திரும்புவோம். ஆகவே 12 வாரத்தில் சுருக்கிய வாரம் அதிகபட்சம் ஒன்பதுதான்.

இரண்டு விஷயம் உங்கள் முடிவுக்கு முன் தெளிவாக வேண்டும். ஒன்று, நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற சட்ட வரம்பு. சோதனையில் 432 மணி நேரம் வரை மிகைநேரமாகக் கருதப்படலாம். சட்டப் பிரிவின் எழுத்துப் பதில் வரும்வரை தொடங்க மாட்டோம். இன்னொன்று, ஸ்வைப் வரம்பும் விடுப்புக் கணக்கும் மாற வேண்டும். எச்.ஆரிடம் பேசியிருக்கிறேன், உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார்கள்.

முதல் பதிலுக்கு ஆகும் நேரம் இப்போது சராசரி 40 நிமிடம். முடித்தபின் மறுபடி திறக்கப்படும் டிக்கெட் நூற்றுக்கு ஆறு. இவற்றில் ஏதாவது ஒன்று தொடர்ந்து இரண்டு வாரம் கால் பங்குக்கு மேல் மோசமானாலோ, ஒரு சம்பளப் பட்டியல் எங்களால் தாமதமானாலோ, உங்களைக் கேட்காமல் நானே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்கிறேன். 12 வாரம் முடிந்ததும் பழைய நேரத்துக்குத் திரும்பிவிடுவோம். தொடர வேண்டுமா என்பதை அதன் பிறகு நீங்கள் முடிவு செய்யலாம்.

அடுத்த வாரம் அரை மணி நேரம் ஒதுக்கினால் அட்டவணையோடு வருகிறேன்.

*

இந்த மெயிலில் உற்சாகமான வாக்கியம் ஒன்றுகூட இல்லை, ஊழியர்களின் மகிழ்ச்சி பற்றியும் பேச்சில்லை. அது முக்கியமில்லை என்பதால் அல்ல. அந்த மகிழ்ச்சி நிலைக்க வேண்டுமானால் கிளையண்டுக்கு இந்த மாற்றமே தெரியக் கூடாது, அதற்கான உத்தரவாதத்தைத்தான் மெயில் தருகிறது. நிறுத்தும் அதிகாரத்தை டீம் லீட் தன்மீது போட்டுக்கொண்டதும் காரணத்தோடுதான். ஒரு சோதனையைத் தொடங்க அனுமதிப்பதைவிட அதை நிறுத்துவது டைரக்டருக்குக் கடினம். கொடுத்த சலுகையைப் பறித்தவர் என்ற பேர் வரும். அந்தச் சுமையை இறக்கிவைத்தால் "சரி" என்பது எளிதாகிறது.

சில டீம் லீட்கள் இன்னொரு வாக்குறுதியும் தருவார்கள். குழு நான்கு நாள் வந்தாலும் நான் ஐந்து நாளும், தேவைப்பட்டால் ஆறு நாளும் வருவேன் என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் அதனால் சோதனை பொய்யாகிவிடும். புதன்கிழமை வரும் ஒவ்வொரு முடிச்சையும் அவரே அவிழ்த்துக்கொண்டிருந்தால், அவர் இல்லாமல் அந்த ஐந்து பேரால் முடியுமா என்பது பன்னிரண்டு வாரம் கழித்தும் தெரியாது. அவரும் ஒரு நாள் ஓய்வெடுத்து, அன்று முடிவெடுக்கும் உரிமையைக் குழுவில் ஒருவரிடம் தருவதே சரி.

அனுமதி கிடைத்துத் தொடங்கிய பிறகு கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. முதலாவது அந்தப் பத்தாவது மணி நேரம். காலை 8.30-க்கு உட்கார்ந்தவர் மாலை ஆறு மணிக்கு ஒரு சம்பளச் சூத்திரத்தைத் திருத்தினால், ஒரு பூஜ்யம் இடம் மாறுவதற்கான வாய்ப்பு காலையைவிட அதிகம். இருநூறு தொழிலாளர்களுக்கு ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் குறைந்துபோகும். அதனால் ஆறு மணிக்கு மேல் நேரடி சிஸ்டத்தில் யாரும் கைவைக்கக் கூடாது, கேள்விக்குப் பதில் சொல்லலாம், மறுநாளுக்கான குறிப்பு எழுதலாம் என்று விதி வைக்க வேண்டும். களைப்பு இருக்கிறதா என்று ஆட்களைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஓய்வு நாள் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். மறுபடி திறக்கப்பட்ட டிக்கெட்டுகள் முதலில் எத்தனை மணிக்கு மூடப்பட்டவை என்று பார்த்தால் தெரிந்துவிடும். அவை மாலை ஐந்தரைக்கு மேல் குவிந்திருந்தால், நாள் நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது இடம் இன்னும் ஆபத்தானது. ஓய்வு நாளில் வரும் போன். "ஒரு நிமிஷம்தான், அந்த ஃபைல் எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லு" என்று தொடங்கும். மூன்றாவது வாரம் அது அரை மணி நேர அழைப்பாகும். ஆறாவது வாரம் லேப்டாப் திறக்கும். பத்து மணி நேர நாள்கள் நான்கு அப்படியே இருக்க, ஐந்தாவது நாளும் மெல்ல வேலை நாளாகிவிடும். நாற்பது மணி நேரத்துக்காகத் தொடங்கியது யாரும் முடிவு செய்யாமலே நாற்பத்தைந்தாகும். எட்டு மணி நேரத்துக்காகப் போராடியவர்கள் அஞ்சியதும் இதையேதான். வேலையைச் சுருக்குகிறோம் என்ற பேரில் அது நீள்வதை.

இதற்குத் தடுப்பு ஒரு பொதுவான தாள், குழு எல்லாரும் பார்க்கக்கூடியது. ஓய்வு நாளில் யாரை யார் எதற்குக் கூப்பிட்டார்கள், எத்தனை நிமிடம் என்று கூப்பிட்டவரே எழுத வேண்டும். எழுத வேண்டும் என்றாலே பாதி அழைப்புகள் குறைந்துவிடும். மீதி அழைப்புகள் எந்த வேலைக்கு ஜோடி சரியாகத் தயாராகவில்லை என்பதைக் காட்டும். கூடுதல் வேலைநேரக் கணக்குக்காக ஒரே ஆளை மூன்று புதன்கிழமை தொடர்ந்து கூப்பிட்டிருந்தால், குற்றம் கூப்பிட்டவருடையதல்ல, அட்டவணை போட்டவருடையது. அந்தத் தாளையும் வாராவாரம் டைரக்டருக்கு அனுப்ப வேண்டும், முதல் பதிலுக்கான நிமிடக் கணக்கோடு சேர்த்து.

டைரக்டர் முழுதாகச் சம்மதிக்காமல் போகலாம். சட்டப் பிரிவு பத்து மணி நேரத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஒன்பது மணி நேர நாள்களாக்கி இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று கேட்கத் தோன்றும். எட்டுக்கு மேல் போவதால் அதே கேள்வி அங்கும் எழும், அளவு மட்டும் குறையும். இந்த நிலையில் டீம் லீட் நேரத்தைச் சுருக்கும் யோசனையை விட்டுவிட்டு, குறைப்பதைப் பற்றிப் பேசலாம். நாளுக்கு எட்டு மணி நேரம், நான்கு நாள், 32 மணி நேரம், பிரிட்டனில் செய்து பார்த்ததைப் போல. அது வேறு மெயில். வாரத்துக்கு எட்டு மணி நேரம் குறைத்தும் அதே டிக்கெட்டுகளை முடிக்க முடியும் என்று அதில் நிரூபிக்க வேண்டியிருக்கும். அந்தக் குழு எந்தக் கூட்டங்களை விடலாம், எந்த அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்பதிலிருந்து அதைத் தொடங்க வேண்டும். சுருக்கிய வாரச் சோதனையின்போது வைத்த கணக்குகள் கையில் இருந்தால் அந்த வேலை பாதி முடிந்ததாகும்.